முப்பது நாளும் ஐந்து மாத ஜீவனாம்சமும்

கோர்ட் நோட்டீஸ் வந்த அன்று நான் சுரங்கக் குடியிருப்பான பாலகாட்டில் அப்பா வீட்டில் இருந்தேன். அப்பா தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் பெங்களூரில் ஒரு லிஃப்ட் சர்வீஸ் கம்பெனியில் டெக்னீஷியன். வாரம் முழுக்க அங்கே ஒரு அறையில் தங்கிவிட்டு ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வருவேன். அந்த வாரம் காய்ச்சல் என்பதால் திங்கட்கிழமையும் வீட்டில் படுத்திருந்தேன். இல்லையென்றால் நோட்டீஸ் என் கையில் கிடைத்திருக்காது. அதை ஒரு துரதிர்ஷ்டமாகவே அன்று எடுத்துக்கொண்டேன்.

முதல் பக்கத்தில் புதிய சட்டத்தின் பிரிவு நூற்று நாற்பத்து நான்கு என்று போட்டிருந்தது. எனக்குத் தெரிந்த நூற்று நாற்பத்து நான்கு, ஊரில் கலவரம் வந்தால் நான்கு பேர் சேர்ந்து நிற்கக்கூடாது என்று போடுகிற உத்தரவு. எங்கள் வீட்டில் இரண்டு பேரே சேர்ந்து நிற்கவில்லை. இது எதற்கு என்று யோசித்தேன். மறுநாள் பார்த்த வக்கீல்தான் விளக்கினார். பழைய சட்டத்தில் நூற்று இருபத்தைந்து என்று இருந்த ஜீவனாம்சப் பிரிவுக்குப் புதிய சட்டத்தில் இந்த எண்ணைக் கொடுத்திருக்கிறார்களாம். அவரே பேச்சுவாக்கில் அதன் பிறகும் நூற்று இருபத்தைந்து என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

மனு போட்டது என் மனைவி. தனக்கும் நான்காம் வகுப்பு படிக்கும் மகளுக்கும் மாதம் பதினைந்தாயிரம் கேட்டிருந்தாள். மகளைக் கூட்டிக்கொண்டு பேத்தமங்களாவில் இருக்கும் தன் அம்மா வீட்டுக்கு அவள் போய் அப்போது மூன்று மாதம் ஆகியிருந்தது.

அவள் போன காரணத்தையும் சொல்லிவிட வேண்டும். வாடகைக்கு ஓட்டலாம் என்று ஒரு பழைய கார் வாங்கினேன். முன்பணத்துக்கு அவளுடைய சங்கிலியை அவளைக் கேட்காமல் அடகு வைத்தேன். கார் நான்கு மாதம் ஓடியது. தவணை கட்டாததால் ஃபைனான்ஸ்காரர்கள் வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். சங்கிலி எங்கே என்று அவள் கேட்ட ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பதில் சொல்லவில்லை. பிறகு பதில் சொல்லாமல் இருப்பதற்காகவே ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்கு வராமல் இருந்தேன். அவள் போனதும் பணம் அனுப்புவதை நிறுத்தினேன். ஒரு மாதம் கையில் காசு இல்லாமல் இருந்தால் தானாகத் திரும்பி வருவாள் என்பது என் கணக்கு. என் கம்பெனியில் இரண்டு பேர் அப்படித்தான் செய்யச் சொன்னார்கள். அவர்கள் இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை என்பதை நான் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

என் வக்கீலின் அலுவலகம் ராபர்ட்சன்பேட்டையில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருந்தது. அவர் ஒரு படிவத்தைக் கொடுத்தார். சொத்து, வருமானம், செலவு, கடன் எல்லாவற்றையும் எழுதிச் சத்தியப் பிரமாணமாகக் கொடுக்க வேண்டும். கணவனும் கொடுக்க வேண்டும், மனைவியும் கொடுக்க வேண்டும். நாடு முழுக்க இப்படித்தான் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறதாம். பரீட்சைத்தாள் போல நீளமாக இருந்தது. சம்பளம் எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு, எந்தெந்த வங்கியில் கணக்கு, வண்டி இருக்கிறதா, நகை இருக்கிறதா, யாருக்கு எவ்வளவு கடன், பிள்ளையின் படிப்புக்கு யார் செலவு செய்கிறார்கள்.

சம்பளம் என்ற இடத்தில் பன்னிரண்டாயிரம் என்று எழுதினேன். பிடித்தம் போக என் கணக்கில் மாதாமாதம் வந்துகொண்டிருந்தது இருபத்தெட்டாயிரத்துச் சொச்சம். வக்கீல் என் முகத்தைப் பார்த்தார்.

“இது சத்தியப் பிரமாணம். பொய்னு தெரிஞ்சா அதுக்குன்னு தனியா நடவடிக்கை வரும். யோசிச்சிக்கினு எழுதுங்க” என்றார்.

நான் யோசித்தேன். பன்னிரண்டை அடித்துவிட்டுப் பதினான்கு என்று எழுதினேன். இது நேர்மைக்குச் செய்த ஒரு விட்டுக்கொடுத்தல் என்று அன்று எனக்குத் தோன்றியது. கடன் என்ற இடத்தில் எல்லாவற்றையும் எழுதினேன். காருக்காக வாங்கிய தனிநபர் கடனின் தவணை, சீட்டு, இன்சூரன்ஸ், அறை வாடகை. கூட்டிப் பார்த்தால் சம்பளத்தைவிடச் செலவு அதிகமாக இருந்தது. மீதியை எப்படிச் சமாளிக்கிறேன் என்று யாரும் கேட்க மாட்டார்கள் என்று நம்பினேன்.

அவளுடைய பிரமாணத்தின் நகல் எனக்கு வந்தது. ஒரு தனியார் மழலையர் பள்ளியில் உதவியாளராக மாதம் ஆறாயிரம் வாங்குவதாக அவள் எழுதியிருந்தாள். எனக்கு அது தெரியாது. மறைத்திருந்தால் நான் கண்டுபிடித்திருக்கவே முடியாது. அவளாகவே எழுதிக் கொடுத்துவிட்டாளே என்று சந்தோஷப்பட்டேன். வேலைக்குப் போகிறவளுக்கு ஜீவனாம்சம் எதற்கு என்று ஆட்சேபணையில் போடச் சொன்னேன். வக்கீல் போட்டார்.

மகளுக்கான செலவுப் பட்டியலில் பள்ளிக் கட்டணம், வேன், புத்தகம் எல்லாம் இருந்தன. கூடவே கண்ணாடி, ஆயிரத்து எண்ணூறு ரூபாய் என்று ஒரு வரி. எனக்குக் கோபம் வந்தது. என் மகள் கண்ணாடி போடுவதில்லை. பொய்ச் செலவு காட்டுகிறாள், அதையும் குறிப்பிட்டு ஆட்சேபிக்க வேண்டும் என்றேன். பில் இணைக்கப்பட்டிருக்கிறது என்று வக்கீல் சொன்னார். பில்லை யார் வேண்டுமானாலும் வாங்கலாம் என்றேன். அந்த வரியையும் சேர்த்தார்கள்.

அடுத்த வாய்தாவில் மகளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். அன்று பள்ளிக்கு விடுமுறை, வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று பிறகு தெரிந்தது. மகள் கோர்ட் வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். நீல நிற ஃபிரேம் போட்ட கண்ணாடி. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். நான் இன்னார் என்று தெரிந்துகொள்ள ஒரு விநாடி எடுத்துக்கொண்டது போல இருந்தது. அது கண்ணாடியின் காரணமாக இருக்கலாம். நான் என் வக்கீலிடம் போய் அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துவிட முடியுமா என்று கேட்டேன். தாக்கல் செய்ததை இனி எடுக்க முடியாது, வாதத்தில் வேண்டுமானால் வற்புறுத்தாமல் விடலாம் என்றார்.

அன்று நடந்தது கன்னடத்தில் பத்து நிமிடம். மனைவியின் வக்கீல் என் வங்கிக் கணக்கு விவரத்தைத் தாக்கல் செய்ய உத்தரவிட வேண்டும் என்று முந்தைய வாய்தாவிலேயே கேட்டிருந்தார். அது வந்திருந்தது. மாஜிஸ்திரேட் என் பிரமாணத்தையும் வங்கி விவரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பதினான்காயிரம் என்று எழுதியிருக்கிறீர்களே, ஒவ்வொரு மாதமும் இருபத்தெட்டாயிரம் வருகிறதே என்று கேட்டார். ஓவர்டைம் என்றேன். எல்லா மாதமும் ஒரே அளவு ஓவர்டைமா என்று கேட்டார். லிஃப்டுகள் ஒரே அளவில் கெட்டுப்போகின்றன என்று சொல்லலாமா என்று நினைத்து, சொல்லாமல் விட்டேன்.

இடைக்கால உத்தரவு நவம்பர் கடைசியில் வந்தது. வழக்கு முடியும்வரை மனைவிக்கு மாதம் மூவாயிரம், மகளுக்கு ஐந்தாயிரம். உத்தரவு தேதியிலிருந்து இல்லை, மனு போட்ட ஆகஸ்டிலிருந்து. என் வக்கீல் உத்தரவைத் தமிழில் சொன்னார். சம்பளத்தில் வருங்கால வைப்பு நிதி, தொழில் வரி மாதிரி கட்டாயப் பிடித்தங்களைத்தான் கழிக்கலாமாம். நானாக வாங்கிய கடனையும் சீட்டையும் காட்டி மனைவி பிள்ளையைப் பின்னால் தள்ள முடியாதாம். அவள் ஆறாயிரம் சம்பாதிப்பதைக் கணக்கில் எடுத்திருக்கிறார்கள். அதனால்தான் அவளுக்கு மூன்று. ஆனால் ஏதோ கொஞ்சம் சம்பாதிப்பதும், தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ள முடிவதும் ஒன்றல்ல என்று மாஜிஸ்திரேட் எழுதியிருந்தார். பொய்ப் பிரமாணத்துக்கு என்ன நடவடிக்கை என்பதைக் கடைசியில் பார்க்கலாம் என்றும் ஒரு வரி இருந்தது. கண்ணாடியைப் பற்றி எதுவும் இல்லை. அது பெரிய நிம்மதியாக இருந்தது.

நான் பணம் கட்டவில்லை. கட்ட முடியாமல் இல்லை. கட்டினால் தோற்றது போல ஆகிவிடும் என்று நினைத்தேன். ஜனவரியில் அவள் உத்தரவை நிறைவேற்றக் கோரி மனு போட்டாள். ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை ஐந்து மாதப் பாக்கி. வக்கீல் போன் செய்து, பாக்கி விழுந்த ஒரு வருஷத்துக்குள் இப்படி மனு போட்டால் கோர்ட் வாரண்ட் பிறப்பிக்கும் என்றார். அபராதத்தை வசூலிப்பது போலச் சாமானை ஜப்தி செய்வார்கள், அதுவும் நடக்கவில்லை என்றால் ஆளைப் பிடிப்பார்கள்.

சாமான் என்று என்னிடம் இருந்தது ஒரு பைக். கம்பெனியில் எனக்கு யோசனை சொன்ன இருவரில் ஒருவன் பெயருக்கு அதை மாற்றிக் கொடுத்தேன். பணம் வாங்கவில்லை. பேப்பரில் மட்டும்தான் உன் வண்டி என்று பேச்சு. பிப்ரவரியில் ஒரு போலீஸ்காரர் என் பெங்களூர் அறைக்கு வந்தார். பாய், இரண்டு வாளி, ஒரு ஸ்டவ், மூன்று பேண்ட். வண்டி யாருடையது என்று கேட்டார். நண்பனுடையது என்று ஆர்.சி.யைக் காட்டினேன். ஜப்தி செய்யத் தக்க பொருள் எதுவும் இல்லை என்று எழுதிக்கொண்டு, குடிக்கத் தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். நான் ஜெயித்துவிட்டேன் என்று அன்று இரண்டு டீ அதிகமாகக் குடித்தேன்.

மூன்று வாரம் கழித்துக் கைது வாரண்டுடன் இன்னொரு போலீஸ்காரர் வந்தார். ஒரு அப்பார்ட்மெண்டில் லிஃப்டின் கதவைக் கழற்றி வைத்திருந்தேன். மாட்டிவிட்டு வருகிறேன் என்றேன். மாட்டும்வரை காத்திருந்தார். அவரே ஒருமுறை மேலே போய்க் கீழே வந்து சரிபார்த்தார்.

கோர்ட்டில் மாஜிஸ்திரேட் ஏன் கட்டவில்லை, தக்க காரணம் இருக்கிறதா என்று கேட்டார். வசதி இல்லை என்றேன். வங்கி விவரம் இன்னும் அவர் மேஜையில்தான் இருந்தது. மதியம் வரை நேரம் கொடுத்தார். பாதியாவது கட்டுங்கள், மீதிக்குத் தவணை கேட்டுப் பார்க்கிறேன் என்று வக்கீல் வராந்தாவில் சொன்னார். நான் அவரிடம் என் திட்டத்தைச் சொன்னேன்.

“உள்ள போய்ட்டு வந்தா பாக்கி கழிஞ்சிடும் இல்ல?”

“யார் சொன்னது? கழியாது.”

அவருக்கு என் மேல் அக்கறை இல்லை, ஃபீஸ் மேல்தான் அக்கறை என்று முடிவு செய்தேன். ஐந்து மாதப் பாக்கி நாற்பதாயிரம். ஒரு மாதம் சும்மா உட்கார்ந்தால் நாற்பதாயிரம் மிச்சம். லிஃப்ட் கம்பெனியில் அந்தச் சம்பளம் யாரும் தருவதில்லை. ஒவ்வொரு மாதப் பாக்கிக்கும் ஒரு மாதம் வரை தண்டனை போடலாமாம். மாஜிஸ்திரேட் மொத்தமாக ஒரு மாதம் போட்டார். அதற்கு முன்னால் எப்போது கட்டினாலும் அப்போதே விடுவிக்கலாம் என்றும் சேர்த்துச் சொன்னார். மனைவி கோர்ட்டின் பின்பக்கம் நின்றிருந்தாள். அவள் முகத்தில் சந்தோஷம் தெரியும் என்று எதிர்பார்த்துத் திரும்பிப் பார்த்தேன். களைப்புதான் தெரிந்தது. அன்று அரை நாள் சம்பளத்தை அவளுக்குப் பிடித்திருப்பார்கள்.

ஜெயில் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. காலையில் உப்பிட்டு என்கிற உப்புமா, மதியம் ராகி முத்தே என்கிற களி உருண்டை, சாம்பார். என் பக்கத்தில் படுத்தவன் செம்பு ஒயர் திருடியவன். என்னை எதற்கு உள்ளே போட்டார்கள் என்று கேட்டான். பெண்டாட்டி பிள்ளைக்குச் சாப்பாட்டுக் காசு தரவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. கோர்ட் உத்தரவை மீறிவிட்டேன் என்றேன். பெரிய வழக்கு போல என்று அவன் தள்ளிப் படுத்தான்.

எட்டாம் நாள் இலவசச் சட்ட உதவிக் குழுவிலிருந்து ஒரு பெண் வக்கீல் வந்தார். யாருக்கு ஜாமீன் வேண்டும், யாருக்கு வக்கீல் இல்லை என்று வரிசையாகக் கேட்டு எழுதிக்கொண்டு வந்தார். என் முறை வந்தபோது எனக்கு எதுவும் தேவையில்லை, இன்னும் இருபத்திரண்டு நாளில் என் பாக்கி தீர்ந்துவிடும் என்றேன். அவர் எழுதுவதை நிறுத்தினார்.

“தீராதுங்க. உங்கள உள்ள வெச்சிருக்கறது கட்ட வைக்கறதுக்கு. கட்டினதுக்குப் பதிலா இல்ல. வெளிய போனாலும் அந்த அஞ்சு மாசம் அப்படியே நிக்கும்.”

“இந்த மாசம்?”

“இந்த மாசமும் ஓடிக்கினுதான் இருக்குது. போன ரெண்டு மாசமும்.”

ஆக, ஐந்து மாதத்துக்காக உள்ளே போனவன் வெளியே வரும்போது எட்டு மாதத்துக்குக் கடன்காரன். அந்த மாதச் சம்பளமும் கிடையாது. அவர் நோட்டில் என் பெயருக்கு நேராக ஏதோ எழுதிக்கொண்டு அடுத்த ஆளிடம் போனார். அன்று மதியம் என் முத்தேயைச் செம்பு ஒயர்காரன் எடுத்துக்கொண்டான்.

பைக்கை விற்றுக் கொஞ்சமாவது கட்டி வெளியே வரலாம் என்று தோன்றியது. என்னைப் பார்க்க வந்த அப்பாவிடம், நண்பனிடம் கேட்டுவரச் சொன்னேன். அப்பா எழுபது தாண்டியவர். பஸ் பிடித்து பெங்களூர் போய்க் கேட்டுவிட்டு அடுத்த வாரம் வந்தார். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, குரல் மாறாமல் நண்பனின் பதிலைச் சொன்னார்.

“வண்டி அவன்துன்னு நீயே போலீஸ்கிட்ட சொன்னியாம். அதான் அவன் வெச்சிக்கினானாம்.”

பிறகு, வேறு ஏதாவது வேண்டுமா என்று கேட்டார். தன்னிடம் இருக்கும் டெபாசிட்டை எடுத்துக் கட்டவா என்று அவர் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்கவில்லை. அந்த டெபாசிட்டிலிருந்துதான் மகளின் பள்ளிக் கட்டணம் அந்த வருடம் போயிருக்கிறது என்பது எனக்குப் பிறகு தெரிந்தது. சோப்பு வேண்டும் என்றேன். முப்பது நாளும் முழுதாக இருந்துவிட்டு வந்தேன்.

வேலை போகவில்லை. கோடைக்காலத்தில் லிஃப்டுகள் நிறைய நின்றுபோகும், ஆள் கிடைப்பதில்லை. ஆனால் வேலைக்குத் திரும்பிய மூன்றாம் வாரம் அக்கவுண்ட்ஸ் அறையிலிருந்து கூப்பிட்டார்கள். என் சம்பளத்தில் பிடித்து நேராக மனைவியின் வங்கிக் கணக்குக்கு அனுப்பும்படி கோர்ட்டிலிருந்து கம்பெனிக்கே உத்தரவு வந்திருந்தது. அனுப்பவில்லை என்றால் கம்பெனிதான் பதில் சொல்ல வேண்டும். இனி சம்பளத்தைக் கையில் ரொக்கமாகக் கொடுத்துவிட முடியுமா என்று அக்கவுண்டண்டிடம் மெதுவாகக் கேட்டேன். அவர் என்னைவிட இளையவர். “உங்களுக்காக நான் உள்ள போக முடியாது சார்” என்றார்.

ஜூலை மாதத்தில் வழக்கைச் சமரசத்துக்கு அனுப்பினார்கள். கோர்ட் கட்டடத்திலேயே ஒரு சிறிய அறை. ஒரு மேஜை, நான்கு நாற்காலி, வயதான ஒரு வக்கீல் மத்தியஸ்தர். சேர்ந்து வாழ வாய்ப்பு இருக்கிறதா என்று முதலில் என்னிடம் கேட்டார். நான் தயார் என்றேன். மாதம் எட்டாயிரம் பிடித்தமாகத் தொடங்கியதிலிருந்து எனக்குச் சேர்ந்து வாழும் விருப்பம் அதிகமாகியிருந்தது. அவர் அவள் பக்கம் திரும்பினார். அவள் என்னைப் பார்த்தே பேசினாள். ஒரு வருடத்தில் அவள் என்னிடம் நேராகப் பேசியது அதுதான் முதல்முறை.

“நீங்க வரணும்னு நான் கேஸ் போடல. வூட்ல நீங்க இருந்தப்பவும் எவ்ளோ வரும், எப்ப வரும்னு எனக்குத் தெரியாது. இப்ப ரெண்டு மாசமா அஞ்சாம் தேதி வருது. பாப்பாவுக்கு ஃபீஸ் கட்டிட்டேன். அது போதும்.”

குரல் உயரவில்லை. பால்காரனிடம் நாளையிலிருந்து அரை லிட்டர் போதும் என்று சொல்கிற மாதிரிச் சொன்னாள். மத்தியஸ்தர் பேனாவைத் துடைத்தார்.

பிறகு கணக்குப் பேசினார்கள். இந்தமுறை சம்பளச் சீட்டை நானே எடுத்துக் கொடுத்தேன். மகளுக்கு ஆறாயிரம், அவளுக்கு நான்காயிரம் என்று முடிந்தது. பழைய பாக்கிக்கு மாதம் மூவாயிரம் தவணை. இரண்டு தவணை தவறினால் மொத்தமும் ஒரே நேரத்தில் கட்ட வேண்டும், மறுபடி வாரண்ட் வரும். யாருடைய நிலைமையாவது மாறினால், சம்பளம் கூடினாலோ குறைந்தாலோ, பிள்ளையின் படிப்புச் செலவு ஏறினாலோ, தொகையை மாற்றக் கேட்டு மனு போடலாம். சங்கிலியைப் பற்றி அவள் கேட்டாள். அது இந்த வழக்கில் வராது, தனியாகத்தான் போட வேண்டும் என்று மத்தியஸ்தர் சொன்னார். அவள் தன் நோட்டில் அதைக் குறித்துக்கொண்டாள். நான் மீட்டுத் தருகிறேன் என்றேன். அதையும் குறித்துக்கொண்டு, எந்த மாதம் என்று கேட்டாள். தீபாவளிக்குள் என்றேன். மத்தியஸ்தர் அதையும் ஒப்பந்தத்தில் சேர்த்தார். மாஜிஸ்திரேட் அதை உத்தரவாக்கினார். பொய்ப் பிரமாணத்துக்கு எழுத்தில் மன்னிப்புக் கேட்டேன். எச்சரித்து விட்டுவிட்டார்.

ஒப்பந்தத்தில் கடைசி வரி, ஒவ்வொரு மாதமும் இரண்டாம் ஞாயிறு காலை பத்திலிருந்து மாலை நான்கு வரை நான் மகளைப் பார்க்கலாம் என்பது. பணத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, பணம் கட்டாவிட்டால் பார்க்கக்கூடாது என்றோ பார்க்க விடாவிட்டால் பணம் கட்ட வேண்டாம் என்றோ அர்த்தம் இல்லை என்று மத்தியஸ்தர் இருவருக்கும் இரண்டு தடவை சொன்னார்.

முதல் இரண்டாம் ஞாயிறு ராபர்ட்சன்பேட்டை பஸ் ஸ்டாண்டில் மகளை விட்டுவிட்டு மனைவி எதிரே இருந்த துணிக்கடைக்குள் போனாள். நான் மகளை பேக்கரிக்குக் கூட்டிப்போனேன். பஃப்ஸும் ரோஸ் மில்க்கும் வாங்கிக் கொடுத்தேன். அவள் பஃப்ஸின் மேல் அடுக்கைத் தனியாகப் பிரித்துச் சாப்பிட்டாள். பள்ளி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். நல்லா இருக்குது என்றாள். கணக்கு வருகிறதா என்று கேட்டேன். வருது என்றாள். நான் தயாரித்து வைத்திருந்த கேள்விகள் அத்துடன் தீர்ந்துவிட்டன. மணி பத்து இருபது.

கொஞ்ச நேரம் ரோஸ் மில்க்கை உறிஞ்சிவிட்டு அவளாகக் கேட்டாள்.

“ஜெயில்ல இன்னா சாப்பாடு?”

யார் சொன்னார்கள் என்று கேட்க நினைத்தேன். காலையில் உப்பிட்டு, மதியம் முத்தே என்றேன்.

“எனக்கு முத்தே புடிக்காது” என்றாள்.

எனக்கும் பிடிக்காது என்றேன். அவள் தலையாட்டினாள். பிறகு இன்னொரு பஃப்ஸ் கேட்டாள். வாங்கிக் கொடுத்தேன்.